ஹால் டிக்கெட் பதிவிறக்கத்தில் பிழை வந்தால் தேர்வு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும் முறை

தமிழ்நாட்டின் தன்னாட்சிக் கல்லூரிகளில் பருவத் தேர்வுக்கான ஹால் டிக்கெட்டை மாணவரே இணையதளத்தில் பதிவிறக்கிக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் பிழை வரும்போது பெரும்பாலான மாணவர்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதும் கடிதம் "ஹால் டிக்கெட் வரவில்லை, ஆவன செய்யுங்கள்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் இருப்பவரால் எதையும் தேட முடியாது. கடிதத்தை ஒரு முறை படித்ததும் அவர் உங்கள் பதிவைத் திறந்து பார்க்கும்படி எழுதுவதே இங்கே நோக்கம்.

ஒரு மாதிரி நிலையை எடுத்துக்கொள்வோம். கலை அறிவியல் கல்லூரியில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவிக்கு ஐந்தாம் பருவத் தாள்களோடு மூன்றாம் பருவத்தின் அரியர் தாள் ஒன்றும் இருக்கிறது. ஹால் டிக்கெட் 30.10.2025 அன்று வெளியாகிறது. முதல் தேர்வு 10.11.2025 முற்பகலில். அவரால் இணையதளத்தில் உள்நுழைய முடிகிறது, தேர்வுக் கால அட்டவணையும் தெரிகிறது. ஆனால் பதிவிறக்கும் பொத்தானை அழுத்தினால் இந்த வரி மட்டும் வருகிறது:

```
500 Internal Server Error
```

முதற்படி: பிழை எங்கே இருக்கிறது என்று கண்டறிதல்

இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. 500 என்றால் உங்கள் கோரிக்கை கல்லூரியின் சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அதை நிறைவேற்றும்போது அங்கேயே ஏதோ தடுமாறிவிட்டது என்பதாகும். 404 என்றால் அந்த முகவரியில் பக்கமே இல்லை. 503 என்றால் பெரும்பாலும் நெரிசல் அல்லது பராமரிப்புப் பணி. ஹால் டிக்கெட் வெளியான அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைவதால் இது வருவது இயல்பு, இரவிலோ அதிகாலையிலோ முயன்றால் சரியாகிவிடலாம். எண் எதுவும் வராமல் வெற்றுப் பக்கம் மட்டும் தோன்றினால், பிரௌசர் புதிய சாளரத்தைத் தடுத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, எல்லாவற்றையும் விடத் தெளிவான விடை தரும் சோதனை ஒன்று உண்டு. அதே வகுப்பில் படிக்கும் தோழி ஒருவர், அதே கணினியில், அதே இணைய இணைப்பில், தம் கணக்கில் தாமே உள்நுழைந்து பதிவிறக்கிப் பார்க்கட்டும். அவருக்கு ஹால் டிக்கெட் வந்து உங்களுக்கு மட்டும் 500 தொடர்ந்தால், கணினியிலோ இணைப்பிலோ குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் பதிவில் உள்ள ஏதோ ஒரு விவரம் தடையாக இருக்கிறது என்று கொள்ளலாம். புகைப்படம் பதிவேற்றப்படாதது, அரியர் தாளின் பாடக் குறியீடு புதிய பாடத்திட்டத்தோடு பொருந்தாதது, கட்டணம் வரவு வைக்கப்படாதது போன்றவை இப்படிப்பட்ட காரணங்களாக இருக்கக்கூடும். காரணத்தை நீங்கள் உறுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சோதனையின் முடிவைக் கடிதத்தில் சொல்லிவிட்டால், "வேறு பிரௌசரில் முயன்று பாருங்கள்" என்ற பதிலுக்காக ஒரு நாளை இழக்க நேராது.

இணையதளம் பிழை எண்ணுக்குப் பதிலாகக் கட்டணம் நிலுவையில் உள்ளதாகவோ வருகைப்பதிவு குறைவாக உள்ளதாகவோ காட்டினால், அது தொழில்நுட்பப் பிழை அன்று. வருகைப்பதிவுக்குத் துறைத்தலைவரை அணுக வேண்டும். கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து கழிந்தும் நிலுவை என்று காட்டினால், அலுவலகத்தைக் கேட்காமல் இரண்டாம் முறை செலுத்தாதீர்கள்.

இரண்டாம் படி: சான்றுகளைச் சேர்த்தல்

பிழை தெரியும் பக்கத்தை முழுமையாகத் திரைப்பிடிப்பு எடுங்கள். மேலே உள்ள இணைய முகவரியும், திரையின் மூலையில் உள்ள தேதியும் நேரமும் வெட்டப்படாமல் இருக்க வேண்டும். நேரம் எதற்கென்றால், சர்வர் தன் பிழைகளை நேரத்தோடு பதிந்து வைக்கும்; மென்பொருளைப் பராமரிப்பவர் உங்கள் பிழையை அந்த நேரத்தை வைத்தே தேடுவார். இதனுடன் தேர்வுக் கட்டண ரசீதையும், யுபிஐ வழியாகச் செலுத்தியிருந்தால் அதன் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கடிதம்

அனுப்புநர்: பெயர், பதிவெண், வகுப்பு, துறை, கைப்பேசி எண்.

பெறுநர்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கல்லூரியின் பெயர், ஊர்.

வழி: துறைத்தலைவர்.

நாள்: 03.11.2025

பொருள்: நவம்பர் 2025 பருவத் தேர்வு – ஹால் டிக்கெட் பதிவிறக்கத்தில் 500 பிழை – சரிசெய்து தர வேண்டுதல் – பதிவெண் ............

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் நம் கல்லூரியில் இளங்கலை கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு பயின்று வருகிறேன். நவம்பர் 2025 தேர்வில் ஐந்தாம் பருவத் தாள்களுக்கும், மூன்றாம் பருவ அரியர் தாள் ஒன்றுக்கும் (பாடக் குறியீடு ............) விண்ணப்பித்து, உரிய கட்டணத்தைச் செலுத்தியுள்ளேன். ரசீது எண் ............

கல்லூரி இணையதளத்தில் என்னால் உள்நுழைய முடிகிறது. எனினும் ஹால் டிக்கெட்டைப் பதிவிறக்க முயலும்போது "500 Internal Server Error" என்ற பிழை வருகிறது. 01.11.2025 அன்று இரவு 9.40 மணிக்கும், 03.11.2025 அன்று காலை 7.15 மணிக்கும், வெவ்வேறு பிரௌசர்களில் முயன்றபோதும் இதே பிழையே வந்தது. என் வகுப்புத் தோழி ஒருவர் அதே கணினியில் தம் கணக்கிலிருந்து ஹால் டிக்கெட்டைப் பதிவிறக்கிக்கொண்டார்.

எனது முதல் தேர்வு 10.11.2025 முற்பகல் நடைபெறவுள்ளது. ஆகவே எனது பதிவைச் சரிபார்த்து, பதிவிறக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். 07.11.2025 வெள்ளிக்கிழமைக்குள் இணையதளத்தில் சரிசெய்ய இயலாவிடில், அலுவலகத்திலிருந்தே ஹால் டிக்கெட்டை அச்சிட்டு முத்திரையுடன் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: 1. பிழைப் பக்கத்தின் படம். 2. கட்டண ரசீதின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இந்தக் கடிதத்தின் உயிர் அதன் கடைசிப் பத்தியில் இருக்கிறது. வெறுமனே "விரைவில்" என்று எழுதாமல், தேர்வுக்கு முந்தைய வேலைநாளைக் குறிப்பிட்டு, அதற்குள் முடியாவிட்டால் என்ன மாற்று வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டிருக்கிறோம். சனி, ஞாயிறு இடையில் வருவதால் வெள்ளிக்கிழமையைத் தாண்டினால் அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

கடிதத்தில் கடவுச்சொல்லை எழுதவே கூடாது. பல கல்லூரித் தளங்களில் பிறந்த தேதியே கடவுச்சொல்லாக இருப்பதால், அலுவலகம் கேட்டாலொழிய அதையும் தவிர்ப்பது நல்லது. இதே காரணத்தால், பதிவெண் உள்ள கடிதத்தை மாதிரிக்காக வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் பாதுகாப்பன்று.

நான்காம் படி: கொடுப்பதும் தொடர்வதும்

துறைத்தலைவரின் கையொப்பம் பெற்றபின் இரண்டு பிரதிகளோடு தேர்வு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியுடன் பெறுகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றே அதை ஸ்கேன் செய்து, கல்லூரி தந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மின்னஞ்சலின் பொருள் வரியிலும் பதிவெண் இருக்கட்டும். இரண்டு வேலைநாள்களில் பதில் வராவிட்டால் புதிய மின்னஞ்சல் எழுதாமல், முன்பு அனுப்பியதற்கே பதிலாகத் தொடருங்கள். படிப்பவர் முழு விவரத்தையும் ஓரிடத்தில் காண்பார்.

சரிசெய்யப்பட்டதும் ஹால் டிக்கெட்டைப் பதிவிறக்கி, பெயர், புகைப்படம், எல்லாத் தாள்களின் குறியீடு, தேதி, முற்பகல் பிற்பகல் விவரம் ஆகியவற்றைக் கால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையை நீக்கும் அவசரத்தில், தடையாக இருந்த அரியர் தாளே பட்டியலிலிருந்து விடுபட்டிருக்கலாம். அப்படியிருந்தால், பதிவிறக்கம் ஆகிவிட்டது என்று விட்டுவிடாமல், விடுபட்ட பாடக் குறியீட்டைக் குறிப்பிட்டு அதே மின்னஞ்சல் தொடரில் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.