கருகாத கறுப்பு முறுக்கு

தோழியின் பலகாரக் கடைக்கு இன்ஸ்டாகிராம் வாசகங்களை நான்தான் எழுதுகிறேன். கருப்புக் கவுனி முறுக்குக்காக அவர் போட்டிருந்த 'விரைவில் வருகிறது' அட்டைகளுக்கு ஒரு கேள்விகூட வரவில்லை. எது வருகிறது என்ற தடயமே இல்லாதபோது யார் ஊகிப்பார்கள்?

திங்கள் முதல் வியாழன் வரை புதிதாகத் திட்டமிட்டேன். முதல் நாள், முறுக்கின் நெருக்கமான படம்: "இந்த முறுக்கு கருகியதல்ல. நிறமே இதுதான்." மறுநாள்: "இந்த முறுக்கில் சாயம் இல்லை, எள் இல்லை. கறுப்பு எங்கிருந்து வந்தது?" பதில்கள் குவிந்தன, ஒருவர் அடுப்புக்கரி என்றார்! புதன்கிழமை அரிசியின் பெயரைச் சொல்லிவிட்டு, பிழியும்போது மாவு உடையாமலிருக்க என்ன சேர்த்தோம் என்று கேட்டேன். வியாழனன்று அதற்கு விடை, எடை, விலை, வெள்ளி காலை விற்பனை தொடங்கும் நேரம்.

பதிவுகள் எல்லோருக்கும் வரிசைப்படி தெரிவதில்லை. புதன்கிழமைப் பதிவை மட்டும் பார்ப்பவருக்கும் புரியவேண்டும் என்பதால் ஒவ்வொன்றிலும் 'முறுக்கு' என்ற சொல்லை வைத்தேன். நீண்ட வாசகம் பாதியில் மடிந்துவிடும். ஆகவே கேள்வி எப்போதும் முதல் வரியில். விலையைக் கேட்டவர்களுக்கு மட்டும் தனிச்செய்தியில் உடனே சொன்னோம். வாங்க வந்தவரிடம் புதிர் போடக்கூடாது.