கூஜா மாறலாம், வெளிச்சம் மாறக் கூடாது: இன்பெயின்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சாப்பாட்டு மேசைப் படம். இடது பக்கம் ஜன்னல். நேர் வெயில் இல்லை, பகல் வெளிச்சம் மட்டும் மென்மையாக உள்ளே வருகிறது. மர மேசையின் நடுவில் ஒரு எவர்சில்வர் கூஜா, அதற்கு வலது பக்கம் வெள்ளைத் தட்டில் இரண்டு எலுமிச்சம்பழம். எவர்சில்வர் கூஜாவை எடுத்துவிட்டு அதே இடத்தில் மண் கூஜா வைக்க வேண்டும். தட்டும் பழமும் மேசையும் அப்படியே இருக்க வேண்டும்.

இன்பெயின்டிங் இதற்குத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டிய இடத்தின் மேல் மாஸ்க் தீட்டுகிறோம், அங்கே என்ன வர வேண்டும் என்று பிராம்ப்டில் எழுதுகிறோம், படம் வரையும் ஏஐ மாடல் அந்த இடத்தை மட்டும் புதிதாக வரைகிறது. ஆனால் முதல் முயற்சியில் வரும் மண் கூஜா பெரும்பாலும் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல நிற்கும். மாடலிடம் குறை என்று நினைத்து வேறு மாடல் தேடுகிறோம். என் அனுபவத்தில் பெரும்பாலும் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கான சாட்சிகள் படத்திலேயே இருக்கின்றன. அவற்றை நாமே மறைத்துவிடுகிறோம், இல்லையென்றால் பழைய பொருளின் பொய்ச் சாட்சியை விட்டுவைக்கிறோம்.

கீழே சொல்பவற்றை ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற மாடலை வைத்தும், அதைப் பலர் இயக்கும் கருவியான AUTOMATIC1111 வெப்யூஐயில் உள்ள அமைப்புகளை வைத்தும் சொல்கிறேன். வேறு கருவியில் பெயர்கள் மாறும், காரணங்கள் மாறாது.

பொருளை மட்டும் மாஸ்க் செய்வது

கூஜாவின் விளிம்பை ஒட்டிக் கச்சிதமாக மாஸ்க் தீட்டுவது நல்ல வேலைபோலத் தெரியும். அதுதான் முதல் தவறு. ஒரு பொருள் தன் உருவத்துக்குள் மட்டும் இருப்பதில்லை. இந்தப் படத்தில் எவர்சில்வர் கூஜா நான்கு இடங்களில் இருக்கிறது. அதன் உடம்பு ஒன்று. வலது பக்கம் மேசையில் விழும் நிழல் இரண்டாவது. பாலிஷ் போட்ட மரத்தில் அடிப்பாகத்துக்குக் கீழே தெரியும் பிரதிபலிப்பு மூன்றாவது. நான்காவதைப் பலரும் கவனிப்பதில்லை: எவர்சில்வர் ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, மேசையில் ஒரு வெளிறிய கீற்றைப் போட்டிருக்கிறது.

மண் கூஜாவால் அப்படி ஒரு கீற்றைப் போடவே முடியாது. உடம்பை மட்டும் மாற்றினால் அந்தக் கீற்று மேசையிலேயே தங்கிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிவிடும். நிழலும் அப்படித்தான். பழைய கூஜாவின் நீண்ட மூக்கு நிழலில் தெரியும்போது, புதிய கூஜாவுக்கு மூக்கே இல்லை என்றால் கதை முடிந்தது.

எனவே நிழல், பிரதிபலிப்பு, கீற்று மூன்றையும் மாஸ்க்குக்குள் கொண்டுவர வேண்டும். தட்டின் விளிம்பில் கூஜாவின் சாயல் தெரிந்தால் அதையும் சேருங்கள். ஆனால் எலுமிச்சம்பழத்தையும் அதன் நிழலையும் தொடாதீர்கள். அந்த நிழல்தான் மாடலுக்கும் நமக்கும் மிஞ்சியிருக்கும் நல்ல சாட்சி.

மாஸ்க்கின் ஓரம் எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். `Mask blur` இயல்பாக 4-ல் இருக்கும். 3000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அது கத்தியால் வெட்டியதுபோன்ற ஓரம். நிழல் பகுதி மேசையோடு கரைய வேண்டும் என்பதால் நான் 12 முதல் 16 வரை வைக்கிறேன்.

மாடலின் கண்ணைக் கட்டிவிடுவது

பெரிய படத்தில் சிறிய பொருளை மாற்றும்போது `Inpaint area` என்ற இடத்தில் `Only masked` தேர்ந்தெடுப்பது வழக்கம். மாஸ்க் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, வரைந்து, மறுபடி ஒட்டுவதால் நுணுக்கம் நன்றாக வரும். ஆனால் அப்படி வெட்டும்போது மாஸ்க்கைச் சுற்றி எவ்வளவு இடம் சேர்த்து வெட்டுவது என்பதை `Only masked padding` தீர்மானிக்கிறது. அது இயல்பாக 32 பிக்சல்.

32 பிக்சலில் மாடல் பார்ப்பது என்ன? கூஜாவைச் சுற்றி ஒரு மெல்லிய மரப் பட்டை. ஜன்னல் தெரியாது, எலுமிச்சம்பழம் தெரியாது, அதன் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியாது. அப்புறம் அது வெளிச்சத்தை ஊகிக்கிறது. விற்பனைப் படங்களில் பார்த்துப் பழகிய மாதிரி, இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் விழும் ஒரு கூஜாவைக் கொடுக்கிறது.

இதையே 200-க்கு உயர்த்தினால் பழமும் தட்டும் வெட்டுக்குள் வந்துவிடும். ஓட்டத்தின் தற்செயலைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றாமல் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இதற்கு ஒரு விலை உண்டு: சுற்றுப்புறம் கூடக்கூட கூஜாவுக்குக் கிடைக்கும் பிக்சல் குறையும், அதனால் மண்ணின் சொரசொரப்பு கொஞ்சம் மழுங்கும். வெளிச்சமா நுணுக்கமா என்று வந்தால் முதல் ஓட்டத்தில் வெளிச்சத்தைப் பிடியுங்கள். நுணுக்கத்தை இரண்டாவது ஓட்டத்தில் சேர்க்கலாம், இருப்பதை எவ்வளவு மாற்றி வரைவது என்பதைத் தீர்மானிக்கும் டீநாய்சிங் எண்ணைக் குறைத்து வைத்து.

பிராம்ப்டில் கட்டளை போடுவது

பலர் இப்படி எழுதுகிறார்கள்:

```
replace the steel jug with a clay jug, same lighting
```

கட்டளையைப் புரிந்துகொண்டு படத்தைத் திருத்தும் மாடல்கள் தனியாக இருக்கின்றன, அவற்றுக்கு இது பொருந்தும். மாஸ்க்கை நிரப்பும் மாடலுக்குப் பொருந்தாது. அது பிராம்ப்டை ஒரு படத்தின் வர்ணனையாகத்தான் படிக்கிறது. `steel` என்ற சொல்லைப் பார்த்ததும் எவர்சில்வரின் பளபளப்பை உள்ளே இழுக்கிறது. `same` என்றால் எதைப்போல என்று அதற்குத் தெரியாது. வேலை முடிந்த பிறகு அந்த இடத்தில் என்ன இருக்கும் என்பதை எழுதுங்கள்:

```
unglazed terracotta water jug on a wooden table, soft daylight from a window on the left, right side in shade, soft shadow on the table
```

இதில் எனக்கு மிக முக்கியமான சொல் `unglazed`. வெளிச்சம் ஒரு பொருளின்மேல் எப்படித் தெரியும் என்பதில் பாதியைத் தீர்மானிப்பது அதன் மேற்பரப்பு. மெருகு பூசாத மண் வெளிச்சத்தைப் பரப்பிவிடும். அதில் ஜன்னல் வடிவத்தில் வெள்ளைப் பொட்டு விழாது. அந்தச் சொல்லை விட்டுவிட்டால் மெருகு பூசிய பீங்கான் கூஜா வந்து, இல்லாத ஜன்னலெல்லாம் அதில் மினுங்கும்.

`cinematic lighting`, `studio lighting` போன்ற சொற்களைப் பழக்கத்தில் சேர்த்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் படத்தில் இல்லாத ஒரு விளக்கைக் கொண்டுவரும். தேவையென்றால், வரக் கூடாதவற்றை எழுதும் எதிர்மறை பிராம்ப்டில் `studio lighting, rim light, glossy` என்று போடலாம். இன்னொன்று: இடது, வலது என்று எழுதினாலும் இந்த மாடல்கள் திசையை உறுதியாகப் பிடிப்பதில்லை. திசையைச் சொல்வதற்குச் சொல்லைவிட நல்ல வழி ஒன்று உண்டு.

வெறும் இரைச்சலிலிருந்து தொடங்குவது

மாஸ்க்குக்குள் மாடல் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை `Masked content` சொல்கிறது. `latent noise` என்றால் வெறும் இரைச்சலிலிருந்து, அதாவது தாறுமாறான புள்ளிகளிலிருந்து தொடங்கும், வெளிச்சம் முழுக்க மாடலின் ஊகம். `original` என்றால் பழைய கூஜாவிலிருந்து தொடங்கும். டீநாய்சிங் 0.4 மாதிரி குறைவாக வைத்தால் எவர்சில்வரின் வெள்ளைக் கோடுகள் மண்ணின் மேலும் தங்கிவிடும். 0.9-க்குமேல் போனால் பழைய வெளிச்சத்தின் தடம் எதுவும் மிஞ்சாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எண்ணை மாற்றி மாற்றி ஓட்டுவதில் ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

அதற்குப் பதில் பத்து நிமிடம் கையால் தீட்டுங்கள். ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை. ஏதாவது ஒரு பட எடிட்டரில் பழைய கூஜா, நிழல், கீற்று எல்லாவற்றையும் மேசை நிறத்தால் மூடுங்கள். அதன்மேல் செம்மண் நிறத்தில் கூஜா வடிவம் ஒன்று. இடது பக்கம் வெளிறிய பட்டை, வலது பக்கம் போகப்போக இருட்டு. அடிப்பாகத்தில் மரத்திலிருந்து மேலே திரும்பும் வெளிச்சத்துக்காகக் கொஞ்சம் பழுப்பு. நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள். எலுமிச்சம்பழத்தின் நிழல் மேசை மரத்தில் விழும் இடத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுத்து அதையே தீட்டுங்கள். அறைக்குள் நிழல் கறுப்பாக இருப்பதில்லை, சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் வரும் வெளிச்சம் அதில் கலந்திருக்கிறது.

எவ்வளவு வெளிச்சமாகத் தீட்டுவது என்று சந்தேகம் வந்தால் தட்டைப் பாருங்கள். அது வெள்ளை, அதே ஜன்னல் வெளிச்சத்தில் இருக்கிறது. அதே வெளிச்சத்தில் செம்மண்ணின் மிகப் பிரகாசமான இடம்கூட வெள்ளைத் தட்டைவிட மங்கலாகத்தான் இருக்க முடியும். கூஜா தட்டைத் தாண்டிப் பளிச்சிட்டால் அது தவறு.

தீட்டிய படத்தை உள்ளே கொடுத்து, `Masked content` என்பதை `original` என்று வைத்து, டீநாய்சிங் 0.55 முதல் 0.65 வரை ஓட்டுங்கள். நாம் போட்ட வெளிச்சமும் இருட்டும் தங்கும், மண்ணின் சொரசொரப்பையும் விளிம்பையும் மாடல் வரையும். நான்கு படம் எடுத்தால் ஒன்றாவது தேறும். தீட்டலின் தட்டையான சாயல் அப்படியே தெரிந்தால் எண்ணைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வெளிச்சம் வலதுபக்கம் தாவினால் இறக்குங்கள்.

வந்ததை அப்படியே ஏற்பது

தேறிய படத்தில் முதலில் கூஜா மேசையைத் தொடும் கோட்டைப் பாருங்கள். அங்கே மெல்லிய, கூர்மையான இருட்டு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் கூஜா மிதக்கும். அங்கிருந்து விலக விலக நிழலின் ஓரம் மங்க வேண்டும். எலுமிச்சம்பழத்தின் நிழல் எப்படி மங்குகிறதோ கிட்டத்தட்ட அப்படி. அப்புறம் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் பிரகாசத்தில் உள்ள பொருத்தமின்மை தனியாகத் தெரியும்.

அடுத்து, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டுக்குள் எடுத்த படத்தில் கேமராவின் புள்ளி இரைச்சல் இருக்கும், மாடல் வரைந்த கூஜா வழவழவென்று இருக்கும். புதிய பகுதிக்கு மட்டும் மேசையில் இருக்கும் அளவுக்குப் புள்ளி சேர்க்க வேண்டும்.

கடைசியாக, பழைய படத்தையும் புதிய படத்தையும் இரண்டு லேயராக வைத்து மேல் லேயரை `Difference` என்று மாற்றுங்கள். மாஸ்க்குக்கு வெளியே முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும். வெப்யூஐ பழைய பகுதியைத் தானே திரும்ப ஒட்டிவிடும். ஆனால் இதே மாடல்களை இயக்கும் இன்னொரு கருவியான ComfyUI-யில், மாடலின் சுருக்க வடிவத்திலிருந்து டீகோட் செய்து வரும் படத்தை அப்படியே சேமித்தால், மாஸ்க்குக்கு வெளியே உள்ள பகுதியும் சுருக்கி விரிக்கப்பட்டு நுணுக்கம் கொஞ்சம் இழந்திருக்கும். எலுமிச்சம்பழத்தின் தோல் புள்ளிகளில் இது முதலில் தெரியும். அங்கே `ImageCompositeMasked` என்ற நோடை வைத்துப் பழைய படத்தின்மேல் கூஜாவை மட்டும் ஒட்டுங்கள். இரண்டாவது ஓட்டத்துக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்தச் சேதம் கூடிக்கொண்டே போகும்.