‘வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்’ என்று எழுதாதீர்கள்

இரண்டு மாதப் பழக்கம். நான்கைந்து முறை காபி, ஒரு சினிமா, இரவில் கொஞ்ச நேரம் வாட்ஸ்அப். காதல் என்று இருவரும் பெயர் வைக்கவில்லை. போன வாரம் அவன் வைத்துவிட்டான். அவளுக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. இந்த அளவுப் பழக்கத்தை முடிக்க நேரில் போய் உட்கார வேண்டியதில்லை, ஒரு செய்தி போதும். சொல்லப்போனால் அதுவே நல்லது. ஹோட்டல் மேசையில் நாலு பேர் பார்க்க முகத்தைக் காத்துக்கொள்ளும் பாடு அவனுக்கு மிச்சம்.

அவள் எழுதி வைத்திருப்பது இது:

“நீங்கள் ரொம்ப நல்லவர். ஆனால் எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இப்போது வேலையும் அதிகம். என்னைவிட நல்ல பெண் உங்களுக்குக் கிடைப்பாள். எப்போதும் நண்பர்களாக இருப்போம்.”

ஒரு வரிகூடக் கடுமையாக இல்லை. ஆனாலும் இதை அனுப்பக் கூடாது.

பெரிய தவறு வீட்டை இழுத்ததுதான். பழியை அப்பா அம்மா தலையில் போட்டால் தன் கை சுத்தமாக இருக்கும் என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். படிப்பவனுக்கோ அந்த வரி வேறு விதமாகக் கேட்கும்: இவளுக்கு விருப்பம் இருக்கிறது, தடை வெளியில்தான் இருக்கிறது. உடனே “நான் வந்து அப்பாவிடம் பேசட்டுமா?” என்பான், அல்லது “எத்தனை வருடமானாலும் காத்திருக்கிறேன்” என்பான். அதற்கு அவளிடம் பதில் இருக்காது, இன்னொரு சாக்குதான் தேட வேண்டும். இதைவிட மோசமானதும் நடக்கலாம். தன் சாதியோ சம்பளமோதான் காரணம் என்று அவனே முடிவுகட்டிக்கொள்வான். அவள் நினைத்தும் பார்க்காத ஒரு காயம் அவனுக்குப் பட்டுவிடும். வீடுதான் உண்மையான தடை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். இங்கே அது உண்மையில்லை.

வேலை என்ற சாக்குக்கும் இதே கதிதான். மார்ச்சில் வேலை குறைந்தால் ஏப்ரலில் அவன் செய்தி வரும்.

“என்னைவிட நல்ல பெண்” என்பது அவன் கேட்காத ஆறுதல். “உங்களை அண்ணன் மாதிரி நினைத்தேன்” என்பது அதற்கும் ஒரு படி மேல். சேர்ந்து சினிமா பார்த்த பிறகு அதை எழுதினால் அவமானமாகத்தான் படும். நட்பு பற்றிய வரியையும் எடுத்துவிடுவதே மேல். அந்த நேரத்தில் அது அவளுக்குத்தான் ஆறுதல், அவனுக்கு அது இன்னொரு கதவிடுக்கு.

திருத்தி எழுதினால் இப்படி வரும். உங்கள் பேச்சுநடைக்கு மாற்றிக்கொள்ளலாம்:

“நீங்கள் சனிக்கிழமை சொன்னதை யோசித்துப் பார்த்தேன். மனம் விட்டுச் சொன்னதற்கு நன்றி. உங்களோடு பேசிக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் உங்களுக்கு இருக்கும் எண்ணம் எனக்கு வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. அதனால் இனிமேல் நாம் சந்திக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.”

காரணம் அவளுடையதாகவே இருப்பதால் யாரும் வந்து தீர்த்துவைக்க அதில் எதுவும் இல்லை. ‘இனி வரும் என்றும் தோன்றவில்லை’ என்பதைத் தட்டச்சு செய்யும்போது கை தயங்கும். அதை நீக்கினால் மீதி வரிகள் எல்லாம் ‘கொஞ்சம் பொறு’ என்று படிக்கப்படும். இன்னொன்றையும் கவனியுங்கள்: நேற்றுவரை ‘நீ’ என்று அழைத்தவரை இன்று ‘நீங்கள்’ ஆக்கிவிடாதீர்கள். அந்தத் திடீர் மரியாதை அறைந்தது போலிருக்கும்.

முதல் வரி சாதாரணமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பல போன்களில் பூட்டிய திரையிலேயே முதல் வரி தெரியும். போன் சாப்பாட்டு மேசையில் கிடந்தால் அவன் அம்மாவோ தங்கையோ அதை முதலில் படிப்பார்கள். “உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்” என்று மட்டும் அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் யோசிப்பதும் கூடாது. அந்த ஒரு மணி நேரமும் அவன் போனையே பார்த்துக்கொண்டிருப்பான். முழுவதையும் ஒரே செய்தியாக, பகல் வேலை முடிந்த பிறகு, படுக்கும் நேரத்துக்கு வெகு முன்பே அனுப்புங்கள். அனுப்பியதை அழிக்காதீர்கள்: செய்தி போனாலும் அழித்த தடம் அங்கேயே நிற்கும், அது கிளப்பும் கற்பனைக்கு அளவே இல்லை.

அவன் “ஏன்?” என்று கேட்டால் அவனுடைய குறைகளைப் பட்டியல் போட வேண்டாம். “குறிப்பாக ஒரு காரணமும் இல்லை, எனக்கு அந்த எண்ணம் வரவில்லை” என்று ஒரு முறை சொல்லலாம். திரும்பத் திரும்பக் கேட்டால் பதில் தர வேண்டியதில்லை. தொல்லையானால் எண்ணைத் தடுத்துவிடலாம், அது இரக்கமின்மை ஆகாது.

பத்து நாள் கழித்துத்தான் பலர் சறுக்குகிறார்கள். பாவமாக இருக்கிறதே என்று அவனுடைய ஸ்டேட்டஸுக்கு ஒரு இதயக்குறி, அல்லது ராத்திரி ஒரு “சாப்பிட்டீர்களா?”. அவ்வளவு பாடுபட்டு எழுதிய செய்தியை அந்த ஒற்றைக் கேள்வி ரத்துசெய்துவிடும்.