எச்ச ஈவுத்தொகைக் கொள்கை: கணக்கு எங்கே தவறுகிறது?

லாபத்தில் முதலீட்டுக்குப் போக மிஞ்சுவதே ஈவுத்தொகை என்று இந்தக் கொள்கையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அந்தச் சுருக்கத்திலிருந்துதான் பிறக்கின்றன. முதலீடு முழுவதையும் லாபத்திலிருந்து கழிக்கக் கூடாது. அதில் பங்குதாரர்கள் தர வேண்டிய பகுதியை மட்டுமே கழிக்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் நிகர லாபம் 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். செய்யத் தகுந்த திட்டங்களுக்கு 120 கோடி தேவை. மூலதனத்தில் 60 சதவீதம் பங்கு, 40 சதவீதம் கடன் என்பது அது வகுத்துக்கொண்ட இலக்கு. 120 கோடியில் 60 சதவீதமான 72 கோடியை லாபத்திலிருந்து எடுக்க வேண்டும், மீதி 48 கோடியைக் கடனாக வாங்க வேண்டும். 100 கோடியில் 72 போக மிஞ்சும் 28 கோடிதான் ஈவுத்தொகை.

முழு 120 கோடியையும் லாபத்திலிருந்து கழிப்பவருக்கு 20 கோடி பற்றாக்குறை தெரியும். ஈவுத்தொகையை நிறுத்திவிட்டு, அந்த 20 கோடியை மட்டும் கடன் வாங்குவார். சிக்கனமாகத் தோன்றும் இந்த முடிவு இலக்கைக் குலைக்கிறது. நிறுவனத்தில் ஏற்கெனவே 300 கோடி பங்கு மூலதனமும் 200 கோடி கடனும் இருந்தால், சரியான வழியில் அவை 372 ஆகவும் 248 ஆகவும் மாறும். விகிதம் அதே 60க்கு 40. தவறான வழியில் 400 ஆகவும் 220 ஆகவும் ஆகி, பங்கின் அளவு 64.5 சதவீதத்துக்கு ஏறிவிடும். ஆண்டு முடிவில் இந்த விகிதத்தைச் சரிபார்த்தால் பிழை உடனே பிடிபடும்.

தேய்மானத்தை மறப்பதும் உண்டு. அந்த 120 கோடி மொத்தச் செலவாக இருந்து, அதில் 30 கோடி பழைய இயந்திரங்களை மாற்றுவதற்கானது என்றால், லாபக் கணக்கில் கழிக்கப்பட்ட 30 கோடி தேய்மானமே அதற்கு ஈடுகொடுக்கும். அந்தத் தொகை பணமாக வெளியே போகவில்லை. புதிதாகத் திரட்ட வேண்டியது 90 கோடி மட்டும். பங்கின் பகுதி 54 கோடி, ஈவுத்தொகை 46 கோடி. தேய்மானத்தைக் கவனிக்காதவர் இங்கே 28 கோடியோடு நின்றுவிடுவார்.

திட்டங்கள் 200 கோடிக்கு வந்தால் என்ன ஆகும்? பங்கின் பகுதி 120 கோடி. லாபமோ 100 கோடிதான். ஈவுத்தொகை பூஜ்யம் என்று எழுதிவிட்டு, குறையும் 20 கோடியைக் கடனில் போட்டுவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. இலக்கை மாற்றாமல் லாபத்தைக் கொண்டு எவ்வளவு முதலீடு செய்யலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 100ஐ 0.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 167 கோடி. அதற்கு மேல் போனால் புதிய பங்குகளை வெளியிட வேண்டும். வெளியீட்டுக்குச் செலவு உண்டு, ஆகவே அந்த எல்லைக்கு மேல் திரட்டும் மூலதனம் விலை கூடியது. கடைசியாக வரும் 33 கோடித் திட்டங்களை அந்தக் கூடிய விலையில் மறுபடி மதிப்பிட வேண்டும். சில தேறாமல் போகும். அவற்றைக் கைவிடுவதே சரி.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இந்தச் சூத்திரத்தை ஆண்டுதோறும் அப்படியே அறிவிப்பாக மாற்றுவது. லாபம் ஐந்து ஆண்டுகளில் 100, 110, 90, 120, 130 கோடி என்றும், தேய்மானம் போக முதலீடு 120, 60, 160, 100, 160 கோடி என்றும் கொள்வோம். எச்சம் 28, 74, கழித்தல் 6, 60, 34. மூன்றாம் ஆண்டில் ஈவுத்தொகையே இல்லை. நிறுவனத்துக்கு நல்ல திட்டங்கள் குவிந்த ஆண்டு அது, ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் முதலீட்டாளருக்கு அது சரிவாகத் தெரியும். பொருளியல் அறிஞர் ஜான் லின்ட்னர் 28 நிறுவனங்களின் நிர்வாகிகளிடம் பேசி 1956இல் வெளியிட்ட ஆய்வும், ஈவுத்தொகையைக் குறைக்க அவர்கள் தயங்குவதையும், கொஞ்சம் கொஞ்சமாகவே மாற்றுவதையும் காட்டியது.

ஆகவே எச்சத்தை ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மேலே உள்ளவற்றின் கூட்டுத்தொகை 190 கோடி. ஈவுத்தொகையை 26, 30, 34, 38, 42 என்று வகுத்தால் மொத்தம் 170 கோடி. முதல் இரண்டு ஆண்டுகளில் 46 கோடி மிஞ்சிவிடுவதால், மூன்றாம் ஆண்டின் 6 கோடிப் பற்றாக்குறையையும் அந்த ஆண்டு தரும் 34 கோடியையும் அதிலிருந்தே சமாளிக்கலாம். புதிய பங்கு வெளியிட வேண்டியதில்லை. இடையில் கடன் விகிதம் 40 சதவீதத்திலிருந்து சற்று விலகும். அது பரவாயில்லை, இலக்கு காலப்போக்கில் காக்கப்பட வேண்டியது. கடைசியில் மிஞ்சும் 20 கோடி பாதுகாப்புக்கானது. முன்கணிப்பு பொய்க்காமல் அது அப்படியே தங்கினால், சிறப்பு ஈவுத்தொகையாகவோ பங்குகளைத் திரும்ப வாங்கியோ கொடுத்துவிடலாம். வழக்கமான ஈவுத்தொகையை அதற்காக உயர்த்தினால், அடுத்த முதலீட்டு அலையில் அதையே வெட்ட வேண்டியிருக்கும்.