ஹேண்ட்ஸ்டாண்டும் மசில்-அப்பும் ஒரே வாரத்தில்: எங்கே தவறுகிறோம்?

புல்-அப் 10, 12 வரை வந்துவிட்டது. டிப்ஸ் 15 போட முடிகிறது. சுவரோடு அரை நிமிடம் தலைகீழாக நிற்கவும் முடிகிறது. இந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சுவரில்லாத ஹேண்ட்ஸ்டாண்டையும் பாரில் மசில்-அப்பையும் சேர்த்தே பழக ஆரம்பிக்கிறார்கள். அப்படிப் பழகலாம். ஆனால் ஒன்று 'புஷ்', இன்னொன்று 'புல்', ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று நினைத்து அட்டவணை போடுவதுதான் முதல் தவறு. இரண்டும் முன்கையில் மோதுகின்றன.

ஹேண்ட்ஸ்டாண்டில் உடம்பு முதுகுப் பக்கமாகக் கவிழப் போகும்போது அதைத் திருப்பிக் கொண்டுவருவது விரல்கள். விரல் நுனிகளைத் தரையில் அழுத்தினால்தான் எடை மறுபடி உள்ளங்கைக்கு வரும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது முன்கையின் உட்புறத் தசைகள். பாரை இறுக்கிப் பிடிப்பதும், மசில்-அப்பில் மணிக்கட்டைப் பாருக்கு மேலே சுருட்டுவதும் அதே தசைகள்தான். நேற்று அவற்றைப் பிழிந்துவிட்டு இன்று பேலன்ஸ் தேடினால் கிடைக்காது.

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு பூங்காவில் காலையில் பழகுகிறவரின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள்: புல்-அப் 5 செட், பிறகு மசில்-அப் முயற்சி 10 தடவை. செவ்வாய்: டிப்ஸ், புஷ்-அப், கடைசியில் கால் மணி நேரம் ஹேண்ட்ஸ்டாண்ட். வியாழனும் வெள்ளியும் இதே வரிசை. மூன்று, நான்கு வாரத்தில் நடப்பதை ஊகிக்கலாம். 5 விநாடி நின்றவர் 2 விநாடியில் விழுகிறார். ஈரத் துணியைப் பிழியும்போது முழங்கையின் உட்புற எலும்பருகே வலிக்கிறது. தோளில் பலம் போதவில்லை என்று அவரே முடிவு கட்டி, பைக் புஷ்-அப்பைக் கூட்டுகிறார். நோய் ஒன்று, மருந்து வேறொன்று.

எது குறை என்பதை விழும் பக்கமே சொல்லிவிடும். காலை வீசி ஏறியபின் திரும்பத் திரும்ப முதுகுப் பக்கம் கவிழ்ந்தால், உதைப்பு அளவுக்கு மீறியிருக்கிறது அல்லது விரல்கள் பதில் சொல்லவில்லை. ஓய்வெடுத்த நாளில் சரியாக நின்று, பார் நாளுக்கு மறுநாள் மட்டும் கவிழ்ந்தால் சந்தேகமே வேண்டாம், முன்கைக் களைப்புதான். கால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி விழுந்தால் உதைப்பு போதவில்லை, அல்லது தோள் காதோடு ஒட்டுமளவுக்குத் திறக்கவில்லை. அதற்கு மட்டும்தான் தோள் வேலை மருந்து.

இப்போது அதே வாரத்தை மாற்றிப் போடலாம். திங்களும் வியாழனும் மசில்-அப் நாட்கள். அந்த நாட்களில் மணிக்கட்டுக்கு 3 நிமிடம் வார்ம்-அப் கொடுத்து, முதலில் 10 நிமிடம் ஹேண்ட்ஸ்டாண்ட், பிறகுதான் பார். செவ்வாயன்று பேலன்ஸ் தேடவே வேண்டாம். மார்பு சுவரைப் பார்க்க 30 முதல் 40 விநாடி நிற்பது 3 செட், அதோடு கால்களுக்கான பயிற்சி. புதனும் சனியும் ஹேண்ட்ஸ்டாண்டுக்கு முதலிடம்: 15 நிமிடம், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே ஒரு நிமிட ஓய்வு. புதனன்று அதன்பின் டிப்ஸ், பைக் புஷ்-அப். சனியன்று நிதானமான புல்-அப் 3 செட், செட்டுக்கு 6. வெள்ளியும் ஞாயிறும் ஓய்வு. சனிக்கிழமைப் பேலன்ஸ் வாரத்திலேயே நன்றாக இருக்கும், காரணம் வெள்ளியன்று முன்கைக்கு வேலையில்லை. முன்னேற்றத்தை அந்த நாளை வைத்து அளவிடுங்கள். செவ்வாயை வைத்து அல்ல.

சுவர்ப் பயிற்சியில் முதுகு சுவரைப் பார்க்க நின்று பழகுவது எளிது. ஆனால் அதில் இடுப்பு வளைந்து வாழைப்பழம் மாதிரி நிற்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. மார்பு சுவர்ப் பக்கம் இருக்கட்டும், கைகள் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி. புல்தரையும் தடித்த யோகா மேட்டும் வேண்டாம். விரல் அமுங்கிப்போனால் அழுத்தம் வீணாகும். சிமென்ட் தரையே நல்லது.

மசில்-அப் பக்கம் நடக்கும் பெரிய தவறு, முயற்சியையே பயிற்சியாக வைத்துக்கொள்வது. வராத மசில்-அப்பை 10 தடவை முயன்றால், வராத விதத்தை 10 தடவை பழகியதாக ஆகும். முக்கியமாக ஒரு முழங்கை முதலில் மேலே ஏறி, மற்றது பின்னால் இழுபடும் 'சிக்கன் விங்'. அந்த நொடியில் முழு எடையும் முறுகிய ஒற்றைத் தோளில் விழுகிறது. ஒரு ரெப்பில் அப்படி வந்தால் அந்த செட்டை அங்கேயே நிறுத்துங்கள்.

முழு முயற்சிக்கு முன் ஒரு சோதனை: ஆட்டமில்லாமல், மார்பின் கீழ்ப்பகுதி பாரைத் தொடும்படி 5 தடவை இழுக்க முடிகிறதா? தாடை மட்டும் பாரைத் தாண்டுகிறது என்றால், 15 புல்-அப் போட்டாலும் மசில்-அப்புக்கு உயரம் போதாது. அதனால் மசில்-அப் நாளில் வேகமான உயர இழுப்பு 5 செட், செட்டுக்கு 3 மட்டும், நடுவே 2 நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு. மூன்றாவது ரெப்பின் உயரம் குறைந்தால் அடுத்த செட்டில் 2 போதும். நேர்மேலே இழுத்தால் பார் மார்பில் இடிக்கும். பாரைத் தொடைப் பக்கம் தள்ளுவதாக நினைத்து இழுத்தால் உடம்பு வளைவாகப் பாரைச் சுற்றி வரும்.

கடினமான இடம், இழுப்பு முடிந்து தள்ளல் தொடங்கும் அந்தத் திருப்பம். பலர் இதற்கு ரப்பர் பேண்டை நம்புகிறார்கள். பாரில் மாட்டிக் காலில் கோத்த பேண்ட், கீழே தொங்கும்போதுதான் மிக அதிகமாக நீண்டிருக்கும். அதனால் உதவியும் அங்கேதான் அதிகம். திருப்பத்துக்கு வரும்போது தளர்ந்துவிடும். வேகத்தைப் பழக அது உதவும், திருப்பத்தைக் கற்றுக்கொடுக்காது. திருப்பத்துக்கு மார்பு உயரத்தில் ஒரு பார் போதும். தரையில் கால் ஊன்றி, லேசாகக் குதித்து, இரண்டு முழங்கைகளும் ஒன்றாக மேலேறும்படி 4 செட், செட்டுக்கு 3. கடைசியில் அதே பாரில் ஸ்ட்ரெயிட் பார் டிப்ஸ் 3 செட். மேலிருந்து மெல்ல இறங்கும் நெகட்டிவ் முழங்கைக்குப் பெரும் சுமை. வாரத்தில் ஒரே நாள், மொத்தம் 4 ரெப்புக்கு மேல் வேண்டாம்.

பாரின் தடிமனையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை இன்ச் பைப் என்று கடையில் விற்பது உள்ளளவுக் கணக்கு. வெளிப்புறம் கிட்டத்தட்ட 48 மி.மீ. இருக்கும். அதில் மணிக்கட்டைச் சுருட்டுவது கடினம், பிடிப்புக்கே முன்கை தீர்ந்துவிடும். பூங்காவில் அப்படித் தடித்த பார் மட்டும் இருந்தால் அதைச் சாதாரணப் புல்-அப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் சொந்தமாகப் போடுகிறவர்கள் 1 இன்ச் பைப் வாங்கலாம், வெளிப்புறம் ஏறத்தாழ 33 மி.மீ. வரும். மழைக்காலத்துக் காலையில் பெயின்ட் அடித்த பார் ஈரமாக இருக்கும். துடைத்தபின்னும் வழுக்கினால் அன்று ஹேண்ட்ஸ்டாண்டோடு நிறுத்தி, பார் வேலையை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். வியாழன் வெள்ளியாக மாறினால் சனியின் பேலன்ஸ் வேலையை ஞாயிறுக்கு நகர்த்துங்கள்.

முழங்கை உட்புறம் வலி தொடங்கிவிட்டால் முதலில் நெகட்டிவையும் முழு முயற்சிகளையும் நிறுத்துங்கள். உயர இழுப்பைப் பாதியாக்குங்கள். சுவர் ஹேண்ட்ஸ்டாண்ட் வலிக்காதவரை தொடரலாம். தசையைவிடத் தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும், ஆகவே வலி போன வாரத்திலேயே பழைய அளவுக்குத் திரும்பாமல் வாரத்துக்கு ஒரு செட்டாகக் கூட்டுங்கள். இரண்டு வாரம் குறைத்தும் துணி பிழியும்போது அதே வலி இருந்தாலோ, சுண்டுவிரல் மரத்துப்போனாலோ பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி பாரைத் தொட வேண்டும்.