விற்பனை 10 சதவீதம் குறைந்தால் இபிஎஸ் ஏன் 30 சதவீதம் சரிகிறது? லெவரேஜ் கணக்கு படிப்படியாக

ஒரு நிறுவனத்தின் விற்பனை கொஞ்சம் அசைந்தாலே அதன் இபிஎஸ், அதாவது பங்கு ஒன்றுக்கான லாபம், பல மடங்கு ஆடும். இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டவேண்டிய வாடகை, சம்பளம், தேய்மானம். இன்னொன்று, லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டவேண்டிய வட்டி. முதலாவதை அளப்பது ஆப்பரேட்டிங் லெவரேஜ், இரண்டாவதை அளப்பது ஃபைனான்ஷியல் லெவரேஜ்.

வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கடைசி வரை இதே எண்கள்தான்.

படி 1: செலவைப் பிரியுங்கள்

ஆண்டுக்கு 20,000 கிரைண்டர் விற்கிறது. ஒன்றின் விலை ரூ.5,000. கல், மோட்டார், பேக்கிங் என ஒவ்வொரு கிரைண்டருக்கும் கூடவே வரும் மாறும் செலவு ரூ.3,500. மீதி ரூ.1,500தான் ஒரு கிரைண்டர் தரும் கான்ட்ரிபியூஷன். 20,000-க்கு ரூ.3 கோடி. ஆண்டின் நிலையான செலவு ரூ.1.5 கோடி, அதைக் கழித்தால் செயல்பாட்டு லாபம் ரூ.1.5 கோடி.

தேய்மானம் நிலையான செலவில் சேரும். வட்டி சேராது. தொடக்கத்தில் பலரும் தவறுவது இங்கேதான்: வட்டியையும் நிலையான செலவோடு கூட்டிவிட்டால் முதல் அளவு ஊதிப்போகும், அடுத்த படியில் அதே வட்டி இரண்டாம் முறையும் கணக்கில் வரும்.

படி 2: ஆப்பரேட்டிங் லெவரேஜ்

கான்ட்ரிபியூஷனை செயல்பாட்டு லாபத்தால் வகுங்கள். 3 ÷ 1.5 = 2. விற்கும் எண்ணிக்கை 1 சதவீதம் மாறினால் செயல்பாட்டு லாபம் 2 சதவீதம் மாறும்.

படி 3: ஃபைனான்ஷியல் லெவரேஜ்

நிறுவனத்தின் மொத்த முதல் ரூ.15 கோடி. அதில் ரூ.10 கோடி, தலா ரூ.100 வீதம் 10 லட்சம் பங்குகளாகத் திரட்டியது. ரூ.5 கோடி வங்கிக் கடன். 10 சதவீத வட்டி, ஆண்டுக்கு ரூ.50 லட்சம். வட்டி போக வரிக்கு முந்தைய லாபம் ரூ.1 கோடி. செயல்பாட்டு லாபத்தை இதனால் வகுத்தால் 1.5 ÷ 1 = 1.5.

வரியை 25 சதவீதம் என்று வைத்தால் நிகர லாபம் ரூ.75 லட்சம், இபிஎஸ் ரூ.7.50.

படி 4: பெருக்கிச் சரிபாருங்கள்

2 × 1.5 = 3. இதுதான் மொத்த லெவரேஜ். விற்கும் எண்ணிக்கை 10 சதவீதம் குறைந்தால் இபிஎஸ் 30 சதவீதம் விழவேண்டும். விழுகிறதா? 18,000 கிரைண்டருக்கு கான்ட்ரிபியூஷன் ரூ.2.7 கோடி, செயல்பாட்டு லாபம் ரூ.1.2 கோடி, வட்டி போக ரூ.70 லட்சம், வரி போக ரூ.52.5 லட்சம். இபிஎஸ் ரூ.5.25. சரியாக 30 சதவீதம் குறைவு. உங்கள் கணக்கு இப்படிப் பொருந்தவில்லை என்றால், ஏதோ ஒரு செலவு தவறான பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

எக்செல்லில் போட்டுப் பார்க்க இது போதும். B1 முதல் B7 வரை எண்ணிக்கை, விலை, மாறும் செலவு, நிலையான செலவு, வட்டி, வரி விகிதம், பங்குகள். B11 இபிஎஸ், B14 மொத்த லெவரேஜ்.

```
B1:  20000
B2:  5000
B3:  3500
B4:  15000000
B5:  5000000
B6:  0.25
B7:  1000000
B8:  =B1*(B2-B3)
B9:  =B8-B4
B10: =B9-B5
B11: =B10*(1-B6)/B7
B12: =B8/B9
B13: =B9/B10
B14: =B12*B13
```

படி 5: கடனே இல்லாமல் இருந்தால்?

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். அதே ரூ.15 கோடியும் பங்காகவே திரட்டப்பட்டது என்று வையுங்கள். B5-ஐ 0 ஆக்கி, B7-ஐ 1500000 ஆக்குங்கள். இபிஎஸ் மாறவே இல்லை, அதே ரூ.7.50!

காரணம் எளிது. ரூ.15 கோடி முதலில் ரூ.1.5 கோடி செயல்பாட்டு லாபம் என்றால் வரிக்கு முன் 10 சதவீத ஈட்டம். கடனுக்கான வட்டியும் 10 சதவீதம். கடன் வாங்கிய பணம் சம்பாதித்ததை எல்லாம் வட்டியாகவே கொடுத்துவிடுகிறது. பங்குதாரருக்குக் கூடுதலும் இல்லை, நட்டமும் இல்லை.

இப்போது B1-ஐ 22,000 ஆக்குங்கள். கடன் உள்ள நிறுவனத்துக்கு இபிஎஸ் ரூ.9.75, கடன் இல்லாததற்கு ரூ.9. அடுத்து 18,000. கடன் உள்ளதற்கு ரூ.5.25, இல்லாததற்கு ரூ.6. ஒரே ரூ.7.50-க்குப் பின்னால் இரண்டு வேறு நிறுவனங்கள் இருக்கின்றன. இபிஎஸ்ஸை மட்டும் வைத்து இரண்டு பங்குகளை ஒப்பிடுவது போதாது என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான். செயல்பாட்டு ஈட்டம் வட்டி விகிதத்துக்கு மேலே இருக்கும்வரை கடன் இபிஎஸ்ஸைத் தூக்கும். கீழே இறங்கினால் இழுத்துவிடும்.

லெவரேஜ் நிலையான எண் அல்ல

3 என்பது 20,000 கிரைண்டர் விற்கும் இடத்தில் மட்டும்தான் 3. கடன் உள்ள நிறுவனம் 18,000-க்கு இறங்கிவிட்டால், அங்கிருந்து பார்க்கும்போது மொத்த லெவரேஜ், அதாவது கான்ட்ரிபியூஷனை வரிக்கு முந்தைய லாபத்தால் வகுத்தது, 2.7 ÷ 0.7, ஏறக்குறைய 3.86. 14,000-இல் 21! அங்கே இபிஎஸ் வெறும் 75 காசு. இன்னும் 10 சதவீதம் குறைந்தால் நட்டம்.

நிலையான செலவையும் வட்டியையும் கூட்டி ரூ.1,500-ஆல் வகுத்தால் 13,333 வருகிறது. லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் விற்பனை எண்ணிக்கை இது. அதை நெருங்க நெருங்க லெவரேஜ் எகிறும், அதற்குக் கீழே எதிர்மறையாகி அர்த்தமிழக்கும். பெரிய லெவரேஜ் எண்ணைக் கண்டால் முதலில் பார்க்கவேண்டியது, நிறுவனம் இந்த எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைத்தான்.

விலை குறைந்தால் இந்தக் கணக்கு செல்லாது

இந்த லெவரேஜ், விற்கும் எண்ணிக்கை மாறுவதை மட்டுமே அளக்கிறது. B1-ஐ 20000, B5-ஐ 5000000, B7-ஐ 1000000 என்று பழையபடி திருப்பிவிட்டு, விலையை 10 சதவீதம் குறைத்து B2-இல் 4500 போடுங்கள். செயல்பாட்டு லாபம் ரூ.50 லட்சத்துக்கு இறங்கும், வட்டி அத்தனையையும் எடுத்துக்கொள்ளும், இபிஎஸ் பூஜ்யம். B13-இல் `#DIV/0!` என்று வரும். விற்பனைத் தொகை இரண்டு முறையும் ரூ.9 கோடிதான். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் மாறும் செலவும் கூடவே குறைகிறது, விலை குறைந்தால் குறைவதில்லை.

ஆகவே இரண்டு ஆண்டுகளின் லாப மாற்றத்தை விற்பனைத் தொகையின் மாற்றத்தால் வகுத்து லெவரேஜ் கண்டுபிடிப்பதில் கவனம் தேவை. இடையில் விலை மாறியிருந்தால் அந்த எண் தவறான கதை சொல்லும். இந்த எடுத்துக்காட்டில் 2 வரவேண்டிய இடத்தில் 6.67 வரும்.

ஆண்டறிக்கையிலிருந்து எடுக்கும்போது

இந்திய நிறுவனங்களின் லாப நட்டக் கணக்கு மூலப்பொருள், ஊழியர் செலவு, நிதிச் செலவு, தேய்மானம், இதர செலவு என்று வகை வாரியாகத்தான் இருக்கும். மாறும் செலவு எது, நிலையானது எது என்று அது சொல்லாது. மூலப்பொருள் மாறும், தேய்மானம் நிலையானது, இதில் குழப்பம் இல்லை. நிரந்தர ஊழியர் சம்பளத்தை நிலையானதாகவும், பீஸ் ரேட் கூலியை மாறுவதாகவும் எடுக்கலாம். உயர் அழுத்த மின்சாரக் கட்டணத்தைப் பிரிக்கவேண்டும்: டிமாண்ட் சார்ஜ் பெரும்பாலும் நிலையானது, ஓடிய யூனிட்டுக்கான கட்டணம் மாறுவது.

இதர வருமானத்தைச் செயல்பாட்டு லாபத்தில் சேர்க்காதீர்கள். வைப்புத்தொகை வட்டி, கிரைண்டர் விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை.

முன்னுரிமைப் பங்கு இருந்தால் படி 3-இல் ஒரு திருத்தம் உண்டு. அதன் டிவிடெண்ட் வரி கட்டிய லாபத்திலிருந்து போவதால், வரிக்கு முந்தைய அளவுக்கு உயர்த்தியே கழிக்கவேண்டும். ரூ.15 லட்சம் டிவிடெண்ட் என்றால் 15 ÷ 0.75 = ரூ.20 லட்சம். ஃபைனான்ஷியல் லெவரேஜ் 1.5 ÷ 0.8, அதாவது 1.875 ஆகும். உயர்த்தாமல் 15-ஐயே கழித்தால் 1.76 என்று குறைத்துக் காட்டும். சரிபார்க்க, 18,000 கிரைண்டருக்கு மறுபடி போட்டுப் பாருங்கள்: இபிஎஸ் ரூ.6-இலிருந்து ரூ.3.75-க்கு இறங்கும். 37.5 சதவீதம் குறைவு, அதாவது செயல்பாட்டு லாபம் குறைந்த 20 சதவீதம் × 1.875.