அத்தையின் பாஸ்வேர்டு கசிந்த கதை

பாளையங்கோட்டை அத்தைக்கு, அவர்களுடைய பாஸ்வேர்டையே தலைப்பில் போட்டு ஒரு மிரட்டல் மெயில் வந்தது. பயந்து போன் செய்தார்கள். நேரில் போய், நம் தகவல் எந்தத் தளத்திலிருந்து கசிந்தது என்று காட்டும் haveibeenpwned.com தளத்தில் மெயில் முகவரியை மட்டும் கொடுத்துப் பார்த்தேன், எப்போதோ சேலை வாங்கிய ஒரு தளத்திலிருந்து கசிந்திருந்தது, கசிந்தவற்றில் Passwords என்றும் போட்டிருந்தது. சிக்கல் என்னவென்றால், அத்தை அதே பாஸ்வேர்டைத்தான் ஜிமெயிலுக்கும் வைத்திருந்தார்கள். அதனால் முதலில் ஜிமெயிலை மாற்றினோம், மற்ற கணக்குகளின் ரீசெட் லிங்க் எல்லாம் அங்கேதானே வரும். இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டோம். அப்புறம் செட்டிங்ஸில் Forwarding and POP/IMAP பக்கத்தைத் திறந்தால், அத்தைக்கு வரும் மெயில்கள் யாருடையதோ ஒரு முகவரிக்குப் போகும்படி வைத்திருந்தது! பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த முகவரி தானாக நீங்காது, நாம்தான் நீக்கவேண்டும். நீக்கிவிட்டு, அதே பாஸ்வேர்டு இருந்த மற்ற இடங்களை ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க ராத்திரி ஆகிவிட்டது.